ராத்திரி ஒரு ஃபீடை அவர்கிட்ட விடுங்க: தாய்ப்பால் குடுக்கிற அம்மா சேர்ந்தாப்ல 5 மணி நேரம் தூங்குறது எப்படி

என் குழந்தைக்கு 5 வாரம் இருக்கும்போது ஒரு நாள் ராத்திரி சோஃபால உக்காந்து பால் குடுத்துட்டு இருந்தவ அப்படியே தூங்கிட்டேன். திடீர்னு முழிச்சு பார்த்தா குழந்தை மடியில இருந்து சரிஞ்சு, மூஞ்சி சோஃபா மெத்தை இடுக்குப் பக்கம் திரும்பி இருக்கு. ஒண்ணும் ஆகல, ஆனா அன்னிக்கு விடியிற வரைக்கும் கை நடுங்கிட்டே இருந்துச்சு. அப்பதான் ராத்திரி ஒரு ஃபீட் மட்டும் எடுத்து வச்ச தாய்ப்பாலை என் வீட்டுக்காரர் குடுக்கட்டும்னு முடிவு பண்ணோம். கேக்க சுலபமா இருக்கும், ஆனா நாங்க சரியா செட் ஆகறதுக்கு கிட்டத்தட்ட 3 வாரம் ஆச்சு, அதுல பாதி தப்பான நேரத்துல தப்பான வேலை பண்ணதால. நீங்க அதே ரூட்ல போய் கஷ்டப்பட வேணாம்னுதான் வரிசையா எழுதுறேன்.

1. எப்ப ஆரம்பிக்கலாம்

முதல் 3, 4 வாரம் பாட்டில் வேணாம். குழந்தை எவ்வளவு குடிக்குதோ அதைப் பார்த்துதான் உடம்பு பால் அளவை செட் பண்ணிக்கிற சமயம் அது, குழந்தையும் காம்பை சரியா பிடிக்கக் கத்துக்கிட்டு இருக்கும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 3 விஷயம் பாருங்க: குழந்தை பிறந்த எடையைத் திரும்பப் பிடிச்சு மேல ஏறிட்டு இருக்கா, ஒரு நாளைக்கு 6 தடவையாவது நல்லா ஒண்ணுக்குப் போகுதா, பால் குடுக்கும்போது உங்களுக்கு வலி இல்லாம இருக்கா. மூணும் ஆமான்னா ஆரம்பிக்கலாம்.

குறைமாசத்துல பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை, இல்ல உங்களுக்கே பால் பத்தலைன்னு டாக்டர் சொல்லியிருந்தா இந்த டைம்டேபிளை அப்படியே எடுத்துக்காதீங்க. அந்த குழந்தைங்களுக்கு ரெண்டு ஃபீடுக்கு நடுவுல எவ்வளவு நேரம் விடலாம்னு டாக்டர்தான் சொல்லணும்.

2. எந்த ஃபீடை அவர் குடுக்கணும்

எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான், நாங்களும் பண்ணோம். நடுராத்திரி 3 மணி ஃபீட்தான் ரொம்ப கஷ்டம்னு அதை அவர்கிட்ட குடுத்தேன். 12 மணிக்கு நான் எந்திரிச்சு பால் குடுப்பேன், 3 மணிக்கு அவர், 6 மணிக்கு மறுபடி நான். கணக்குப்படி 12:30ல இருந்து 6 வரைக்கும் தூக்கம் கிடைக்கணும், ஆனா 12 மணிக்கு எந்திரிச்சதுமே தூக்கம் கலைஞ்சு போய் திரும்ப கண் அசரவே 1:30 ஆயிடும், 4 மணிக்கெல்லாம் மார்பு கல்லு மாதிரி கட்டிக்கிட்டு வலியில முழிப்பேன். விடியக்காலைல பால் நிறைய ஊறும், அந்த நேரத்துல பெரிய இடைவெளி விட்டா உடம்பு தாங்காது.

அதனால நீங்க படுத்ததும் வர்ற முதல் ஃபீடை அவர்கிட்ட விடுங்க. நம்ம ஆழ்ந்த தூக்கத்துல பெரும்பங்கு தூங்க ஆரம்பிச்ச முதல் சில மணி நேரத்துலதான் வரும், அதை உடைக்காம வச்சா அப்புறம் ரெண்டு தடவை எந்திரிச்சாலும் காலைல மனுஷியா இருக்க முடியுது. எங்களுக்கு கடைசில செட் ஆன டைம்டேபிள் இது:

ராத்திரி 9:00 – நான் ரெண்டு பக்கமும் பால் குடுத்துடுவேன்
9:30 – நான் தூங்கிடணும், ஃபோன் கிடையாது
12:00 ஒட்டி குழந்தை எந்திரிக்கும்போது – அவர் பாட்டில் குடுப்பார்
அவர் 12:45க்கு படுத்துடுவார்
3:00 ஒட்டி – நான் எந்திரிச்சு நேரடியா பால் குடுப்பேன்
6:00 – மறுபடி நான்

எனக்கு 9:30ல இருந்து 3 வரைக்கும் அஞ்சரை மணி நேரம். அவருக்கும் 12:45ல இருந்து 6:30 வரைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. அவர் ராத்திரி லேட்டா தூங்குற ஆள், அதனால 12 மணி வரைக்கும் முழிச்சிருக்கிறது அவருக்கு பெருசா தெரியல. உங்க வீட்டுல அவர் சீக்கிரம் தூங்கி விடியக்காலைல எந்திரிக்கிற ஆளா இருந்தா, அவர் 9 மணிக்கே படுத்துட்டு அலாரம் வச்சு 12க்கு எந்திரிக்கலாம். எப்படி வச்சாலும் அம்மாவோட முதல் தூக்கம் உடையக்கூடாது, அது ஒண்ணை மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

முதல் நாளே 6 மணி நேர இடைவெளிக்குப் போகாதீங்க. முதல் 3, 4 நாள் நாலரை மணி நேரம், அப்புறம் 5, அப்புறம் 6ன்னு ஏத்துங்க. மார்பு அதுக்குப் பழகணும்.

இன்னொரு விஷயம் இங்கயே சொல்லிடுறேன், இதை எனக்கு யாருமே சொல்லல. தாய்ப்பால் குடுக்கிறதால மாசவிலக்கு வரல, அதனால இப்போதைக்கு அடுத்த குழந்தை நிக்காதுன்னு நம்பி இருக்கிறவங்க இருக்காங்க. அந்த முறை வேலை செய்யணும்னா குழந்தைக்கு 6 மாசத்துக்குள்ள இருக்கணும், மாசவிலக்கு திரும்ப வந்திருக்கக்கூடாது, முழுக்க தாய்ப்பால் மட்டும் குடுக்கணும், பகல்ல 4 மணி நேரம், ராத்திரி 6 மணி நேரத்துக்கு மேல இடைவெளி விழவும் கூடாது. ஒரு ஃபீடை பாட்டிலுக்கு மாத்துறீங்கன்னா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க, டாக்டர்கிட்ட வேற வழி கேளுங்க.

3. என்ன வாங்கணும், எதுக்கு காசு போட வேணாம்

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாட்டில் பால்தான் நமக்குத் தேவை. அதுக்கு பெரிய டபுள் எலக்ட்ரிக் பம்ப் அவசியமில்ல. கையால அழுத்துற மேனுவல் பம்ப் ஒண்ணு போதும், விலையும் எலக்ட்ரிக்கை விட ரொம்ப கம்மி. சிலருக்கு பம்பே இல்லாம கையால பீய்ச்சி எடுக்கிறது நல்லா வரும், அதுக்கு செலவே இல்ல. முதல்ல கையால முயற்சி பண்ணிப் பாருங்க, அது வரலைன்னா மேனுவல், அதுலயும் கை வலிச்சா எலக்ட்ரிக்.

பம்ப் வாங்கும்போது பார்க்க வேண்டியது புனல் சைஸ். காம்பு நடுவுல தாராளமா போயிட்டு வரணும், ஓரத்துல உரசக்கூடாது, சுத்தி இருக்கிற கருப்புத் தோல் நிறைய உள்ள இழுபடவும் கூடாது. நான் டப்பாவோட வந்த சைஸையே 10 நாள் போட்டுட்டு காம்பு வெடிச்சு, 15 மில்லி எடுக்கவே 20 நிமிஷம் ஆயிட்டு இருந்துச்சு, பால் குறைஞ்சு போச்சுன்னே நினைச்சுட்டேன். ஒரு சைஸ் சின்ன புனல் மாத்தின அன்னிக்கே அதே நேரத்துல 45 மில்லி வந்துச்சு. புனல் மட்டும் தனியா கிடைக்கும், புது பம்ப் வாங்க ஓடாதீங்க.

அடுத்தவங்க யூஸ் பண்ண பம்பை வாங்கும்போது ஜாக்கிரதை. சில மாடல்ல பால் மோட்டார் ட்யூபுக்குள்ள போக வழி இருக்கும், அதை உள்ள கழுவவே முடியாது.

மத்தபடி 2 பாட்டில், ரொம்ப மெதுவா பால் வர்ற நிப்பிள் 2, மூடி போட்ட சின்ன டப்பா 5 இல்ல 6, ஒட்டி எழுத ஸ்டிக்கர். முதல்லயே டஜன் கணக்குல பாட்டில் வாங்காதீங்க, குழந்தைக்கு அந்த நிப்பிள் பிடிக்காம போகலாம்.

4. எவ்வளவு பால், எப்ப எடுக்கிறது

1 மாசத்துல இருந்து 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு சராசரியா 750 மில்லி கிட்ட குடிக்கும். சில குழந்தை கம்மியா, சில குழந்தை கூட. இதை உங்க குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிக்குதோ அதால வகுங்க. என் குழந்தை 9 தடவை, அப்ப ஒரு ஃபீடுக்கு 83 மில்லி. அதனால பாட்டில்ல 80 மில்லி, பத்தலைன்னா குடுக்க தனி டப்பால 30 மில்லி. தனியா ஏன்னா, வாய் வச்ச பாட்டில்ல மிஞ்சினதைத் திரும்ப எடுத்து வைக்க முடியாது. கஷ்டப்பட்டு எடுத்த பாலை சிங்க்ல கொட்டும்போது வர்ற வேதனை பால் எடுத்தவங்களுக்குத்தான் தெரியும்.

பால் எடுக்க நல்ல நேரம் காலைல. 6 மணி ஃபீட் முடிஞ்சு அரை மணி, ஒரு மணி நேரம் கழிச்சு 10, 15 நிமிஷம் எடுங்க. எனக்கு முதல் நாள் 20 மில்லி வந்துச்சு, ரெண்டாவது நாள் 25. பயந்துட்டேன். ஆனா குழந்தை குடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் மிச்சத்தை எடுக்கிறோம், அவ்வளவுதான் வரும், அதுல தப்பே இல்ல. ஒரு வாரம் அதே நேரத்துல விடாம எடுத்ததும் உடம்பு புரிஞ்சுக்கிட்டு காலைல 50, 55 வர ஆரம்பிச்சுச்சு, 10 மணி ஃபீடுக்கு அப்புறம் இன்னொரு 30. அவ்வளவுதான், அன்னிக்கு ராத்திரிக்கு ஆச்சு.

அதனால பால் எடுக்கிறதை முதல் பாட்டிலுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. ஃபிரிட்ஜ்ல ஒண்ணு, ஃப்ரீஸர்ல ரெண்டு ஃபீடுக்கு பால் இருந்தா போதும். ஃப்ரீஸர் நிறைய சேத்து வைக்கணும்னு ஒரு நாளைக்கு 4, 5 தடவை எடுக்கிறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம். எடுக்க எடுக்க உடம்பு இன்னும் நிறைய சுரக்கும், அப்புறம் தூங்க விட்ட அந்த 6 மணி நேரத்துல மார்பு கட்டிக்கும், எதுக்காக ஆரம்பிச்சோமோ அதுவே கெட்டுப்போகும்.

ரொம்ப பேர் விழற இன்னொரு குழி: அவர் பாட்டில் குடுக்கும்போது அம்மாவும் எந்திரிச்சு பம்ப் பண்றது. "ஒரு ஃபீடுக்கு பதிலா ஒரு பம்ப், இல்லன்னா பால் வத்திடும்"னு சொல்லுவாங்க. பதிலுக்கு எடுக்கணும்ங்கிறது உண்மைதான், ஆனா பால் சுரப்பு சரியா போயிட்டு இருக்கிறவங்களுக்கு அதை அதே நேரத்துல எடுக்கணும்னு இல்ல. காலைல எடுக்கிறதே அந்த ஈடு. 12 மணிக்கு எந்திரிச்சு பம்ப் பண்ணி, கழுவி, வச்சுட்டுப் படுக்கிறதுக்கு நேரடியா குழந்தைக்கு குடுத்துட்டே படுத்துடலாம்.

5. எடுத்த பாலை எப்படி வைக்கிறது

ரூம் சூடு 25 டிகிரி வரைக்கும் இருந்தா வெளில 4 மணி நேரம் தாங்கும், அதுக்கு மேல சூடான ரூம்னா எடுத்த உடனே ஃபிரிட்ஜ்ல வச்சுடுங்க. ஃபிரிட்ஜ்ல 4 நாள், அதுவும் உள்பக்கம் பின்னாடி, கதவுல வேணாம், திறந்து மூடும்போது கதவுப்பக்கம் சூடு ஏறும். நல்ல ஃப்ரீஸர்ல 6 மாசம். ஃப்ரீஸர் பாலை முந்தின நாளே ஃபிரிட்ஜுக்கு மாத்தி வைங்க, முழுசா இளகின நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும், திரும்ப உறைய வைக்கக்கூடாது.

காலைல எடுத்ததோட 10 மணி பாலை சேக்கணும்னா, புதுசை முதல்ல ஃபிரிட்ஜ்ல தனியா ஆற வச்சு அப்புறம் ஊத்துங்க. ஸ்டிக்கர்ல தேதி, நேரம், மில்லி மூணும் எழுதுங்க, அவர் 12 மணிக்கு அரைத்தூக்கத்துல ஃபிரிட்ஜை திறக்கும்போது எது எடுக்கணும்னு யோசிக்கவே கூடாது. பால் மேல மஞ்சளா ஆடை மாதிரி பிரிஞ்சு நிக்கும், அது கொழுப்பு, கெட்டுப்போகல, மெதுவா சுழட்டினா சேந்துக்கும்.

உறைய வச்ச பால் இளகினதும் சிலருக்கு சோப்பு வாசம் அடிக்கும். அதுவும் கெடல, பால்ல இருக்கிற ஒரு என்சைம் கொழுப்பை உடைக்கிறதால வர்றது. ஆனா சில குழந்தை அந்த ருசியில குடிக்கவே மாட்டேங்கும். அதனால நிறைய சேத்து வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு 20 மில்லியை ஒரு வாரம் உறைய வச்சு, இளக்கி, குடுத்துப் பாருங்க.

பம்ப் பாகம், பாட்டில் எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் தனி பாத்திரத்துல சோப்பு போட்டு சுடுதண்ணில கழுவி, காத்துல காய விடுங்க. குழந்தைக்கு 2 மாசம் ஆகற வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு தடவை கொதிக்கிற தண்ணில 5 நிமிஷம் போட்டு எடுங்க.

6. அவருக்கு சொல்லிக்குடுக்க வேண்டியது

முதல் பாட்டிலை ராத்திரில ட்ரை பண்ணாதீங்க. சாயங்காலமா, குழந்தை முழிச்சு நல்ல மூட்ல இருக்கும்போது, பசியில அலற ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, 20, 30 மில்லி மட்டும் அவர் குடுக்கட்டும், நீங்க அந்த ரூம்லயே இருக்காதீங்க. என் வாசம் பட்டாலே என் குழந்தை பாட்டிலைத் துப்பிட்டு தலையைத் திருப்பி என்னையே தேடும். 4 நாள் சாயங்காலம் இப்படிப் பழகின அப்புறம்தான் ராத்திரிக்குப் போனோம்.

முதல் ராத்திரி அவர் குழந்தையைப் படுக்க வச்சு பாட்டிலை சாய்ச்சுப் பிடிச்சு 80 மில்லியை 5 நிமிஷத்துல குடுத்து முடிச்சுட்டார். அது இன்னும் வேணும்னு அழ, 30ஐயும் குடுத்தார், அப்புறம் மொத்தமா கக்கிடுச்சு. மறுநாள் காலைல "உன் பால் இதுக்கு பத்தல போல மா"ன்னு அவர் சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. விஷயம் பால் பத்தாதது இல்ல, வேகம். மார்புல குடிக்கும்போது குழந்தை உறிஞ்சும், நிறுத்தும், மூச்சு வாங்கும். பாட்டில்ல பால் தானா கொட்டிட்டே இருந்தா முழுங்கித்தான் ஆகணும், வயிறு நிறைஞ்சது தெரியறதுக்குள்ள அளவு தாண்டிடும்.

சரியான முறை இது. குழந்தையைக் கிட்டத்தட்ட உக்கார வச்ச மாதிரி நிமித்திப் பிடிக்கணும், தலைக்கும் கழுத்துக்கும் கை குடுத்து. பாட்டிலைத் தரைக்கு இணையா படுக்க வச்சுப் பிடிக்கணும், நிப்பிள்ல மட்டும் பால் நிறைஞ்சா போதும். உதட்டுல நிப்பிளைத் தொட்டு, குழந்தையே வாயைத் திறந்து வாங்குற வரைக்கும் காத்திருக்கணும். 5, 6 தடவை முழுங்கினதும் பாட்டிலைக் கீழ இறக்கி ஒரு சின்ன பிரேக். மொத்தம் 15, 20 நிமிஷம் ஆகணும். புருவம் சுருங்கறது, விரல் விரியறது, வாய் ஓரத்துல பால் வழியறது எல்லாம் வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். தலையைத் திருப்பிட்டா போதும்னு அர்த்தம், பாட்டில்ல 10 மில்லி இருக்கேன்னு திணிக்கக்கூடாது. இப்படிக் குடுக்க ஆரம்பிச்சதும் அதே 80 மில்லில தூங்கிடுச்சு, தனியா வச்ச 30 முக்கால்வாசி நாள் தேவையே படல.

சூடு பண்றதுக்கு பாட்டிலை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணில சில நிமிஷம் நிக்க வச்சா போதும், மைக்ரோவேவ் வேணவே வேணாம், ஒரு இடத்துல மட்டும் கொதிச்சு வாய் வெந்துடும். மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. குடிச்சு மிஞ்சினதை 2 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், இல்லன்னா கொட்டிடணும். குடிச்சதும் ஏப்பம் விட வச்சு, டயப்பர் பார்த்து, மல்லாக்க குழந்தையோட படுக்கையிலயே படுக்க வைக்கணும். சோஃபால குழந்தையை வச்சுட்டு அவர் கண் அசரக்கூடாது, என் கதையைத்தான் மேலயே சொன்னேனே.

ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, டயப்பர் என்னன்னு அவரை எழுதச் சொல்லுங்க. 3 மணிக்கு எந்திரிக்கும்போது அவரை எழுப்பிக் கேக்க வேண்டி இருக்காது.

7. நீங்க எங்க படுக்கிறீங்க

முதல் வாரம் நான் அதே ரூம்ல படுத்தேன். அவர் கிட்டத்துலயே இருந்தாலும் குழந்தை முனகினாலே எனக்கு முழிப்பு வந்துடும், பால் இறங்கி நைட்டி நனைஞ்சுடும், அவர் எப்படிக் குடுக்கிறார்னு பார்த்துட்டே படுத்திருப்பேன். தூங்குறதுக்காக பண்ணிட்டு தூங்கவே இல்ல. இன்னொரு ரூம் இருந்தா 9:30ல இருந்து 3 வரைக்கும் அங்க படுங்க. இல்லன்னா அவர் குழந்தையோட படுக்கையைத் தள்ளிட்டு ஹால்ல இருக்கட்டும். அவரும் அந்த நேரத்துல குழந்தை இருக்கிற ரூம்லதான் இருக்கணும், அது முக்கியம்.

எப்ப உங்களை எழுப்பணும்னும் முன்னாடியே பேசிக்கோங்க. எங்களுக்குள்ள இருந்த பேச்சு: காய்ச்சல், மூச்சுல வித்தியாசம், திரும்பத் திரும்ப வாந்தி, இல்ல 30 நிமிஷம் தாண்டி பாட்டிலும் வாங்காம அழறது. மத்தபடி அழுதா அவரே பார்த்துப்பார்.

8. மார்பு கட்டிக்கிட்டா

முதல் வாரம் 3 மணிக்குள்ள கனமா, இறுக்கமா இருக்கும், துணி நனையும். கீழ ஒரு துண்டு போட்டுப் படுங்க. வலியில முழிச்சுட்டீங்கன்னா முழுசா எடுத்துடாதீங்க. கையால ஒரு ரெண்டு நிமிஷம், இறுக்கம் குறையிற அளவுக்கு மட்டும் பீய்ச்சிட்டுத் திரும்பப் படுங்க. முழுசா எடுத்தா அந்த நேரத்துலயும் பால் வேணும்னு உடம்பு எடுத்துக்கும். அப்புறம் குளிர்ந்த துணியை மேல வச்சா வலி குறையும், அழுத்தித் தேய்ச்சு உருட்டாதீங்க, வீக்கம் கூடத்தான் செய்யும்.

ஒரு இடம் மட்டும் சிவந்து, சூடா, தொட்டா வலிக்கிற மாதிரி இருந்து, கூட காய்ச்சல் குளிர் உடம்பு வலி வந்தா அது மார்பு அழற்சியா இருக்கலாம். குழந்தைக்கு எப்பவும் போல பால் குடுத்துட்டே இருங்க, ஒரு நாளைக்குள்ள குறையலைன்னா இல்ல காய்ச்சல் ஏறிட்டே போனா டாக்டர்கிட்ட போயிடுங்க. அது சரியாகற வரைக்கும் இடைவெளியைப் பழையபடி 4 மணி நேரத்துக்குக் குறைச்சுக்கோங்க.

2 வாரம் தாண்டியும் பம்ப்ல வர்ற அளவு குறைஞ்சுட்டே வந்து, குழந்தை பகல்ல குடிச்சு முடிச்சும் திருப்தி இல்லாம, ஒண்ணுக்குப் போறதும் குறைஞ்சா, உங்க மார்புக்கு அவ்வளவு இடைவெளி ஒத்துக்கலன்னு அர்த்தம். எல்லாருக்கும் மார்புல பால் தேங்குற அளவு ஒண்ணு இல்ல, சீக்கிரம் நிறையிறவங்களுக்கு சுரப்பு சீக்கிரம் குறையும். அப்ப ராத்திரி 9 மணி ஃபீடை 10 மணிக்குத் தள்ளுங்க, அவர் பாட்டிலையும் 12:30க்குத் தள்ளிட்டு, நீங்க 3 மணிக்கு எந்திரிங்க. தூக்கம் நாலரை மணி நேரமாக் குறையும், ஆனா பால் ஒரு வாரத்துல திரும்ப ஏறுதான்னு பேப்பர்ல எழுதினதை வச்சே பார்த்துடலாம், ஆனா ஒண்ணுக்குப் போறது குறைஞ்சிருந்தா அந்த ஒரு வாரம் காத்திருக்காம உடனே குழந்தையைத் தூக்கிட்டுப் போய் எடை போட்டு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.